லாரி கிளம்பிய இரவு போட்ட மெசேஜை நன்றிக் கடிதமாக மாற்றி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இத்தனை வருடம் டிரம்மிலும் டின்னிலும் மட்டுமே கூழ் அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் ஆலை, போன பெங்களூரா மாம்பழ சீசனில் கடைகளுக்கென்று ஒரு கிலோ பாக்கெட்டை முதன்முறையாக வெளியிட்டது. முதல் லாரி கிளம்பிய இரவு எங்கள் உற்பத்தி மேலாளர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டார். மறுநாள் காலை என்னிடம் வந்து, "இதை நல்ல கடிதமா எழுதிக் குடும்மா, எல்லாரும் படிக்கட்டும்" என்றார். அதை எப்படி எழுதினேன் என்று மற்ற ஆலைகளில் அலுவலகம் பார்க்கும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் கீழே.

குரூப்ல ஏற்கெனவே நன்றி சொல்லியாச்சே, அப்புறம் கடிதம் எதுக்கு?

அந்த குரூப்பில் இருப்பது 14 பேர். பாக்கெட் வேலையில் கை வைத்தவர்கள் 46 பேர். மீதி 32 பேருக்கு அந்த மெசேஜ் போய்ச் சேரவே இல்லை. பழம் பிரிக்கும் அக்காமார்கள், மூட்டை ஏற்றுபவர்கள், கொதிகலனுக்கு விறகு தள்ளுபவர், பெட்டி ஒட்டியவர்கள் என்று விட்டுப்போன எல்லோரும் கையால் வேலை செய்தவர்கள். மேலாளர் யாரையும் ஒதுக்க நினைத்தவரில்லை. அவர் கையில் இருந்த போனில் அந்த 14 பேர்தான் இருந்தார்கள், அவ்வளவுதான்.

குரூப்பில் வந்தது அங்கேயே இருக்கட்டும், அதை அழிக்கச் சொல்லவில்லை. அது அந்த நேரத்துச் சந்தோஷம். கடிதத்தை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டுவார்.

மெசேஜ் எப்படி இருந்துச்சு? அப்படியே காட்டுங்க.

மேலாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். இடையிடையே இருந்த பட்டாசு, கைதட்டல் படங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"எல்லாரும் பாருங்க!!! லாரி கெளம்பிடுச்சு!!! 3000 பாக்கெட்!!! நாங்க சாதிச்சுட்டோம்யா!!! ரெண்டு தடவ லீக் ஆகி மானமே போச்சுன்னு நெனச்சேன், சீல் டேபிள்ல சொதப்பினாலும் கடைசில புடிச்சுட்டாங்க. லேப்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் இருந்தாங்க, சாப்பிடக்கூட இல்ல. பாய்லர் அண்ணன் செம மாஸ், அவரு இல்லேன்னா ஒண்ணுமே நடந்திருக்காது. ஓசூர் கடைக்காரர் நம்ம ரேட்டுக்கே ஒத்துக்கிட்டாரு, பத்து ரூபா கூடக் கொறைக்கல. இனி இந்தியாவுலயே நாமதான் டாப்பு. எல்லாருக்கும் பிரியாணி கன்ஃபார்ம்!!!"

எனக்கு இந்த மெசேஜ் பிடிக்கும். மூன்று வாரம் சரியாகத் தூங்காத ஒருவர் எழுதியது, எழுத்திலேயே அது தெரிகிறது. கடிதம் எழுத உட்காரும்போது இதை ஒரு குறிப்பேடாக வைத்துக்கொள்ள வேண்டும். யார் யாரிடம் போய் என்ன விசாரிக்க வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

முதல்ல எந்த வரியைத் திருத்தணும்?

எந்த வரியையும் திருத்த வேண்டாம். வாக்கியத்தை அழகாக்க ஆரம்பித்துவிட்டால் தப்பான தகவலும் சேர்ந்து அழகாகிவிடும். நான் ஒரு தாளில் மெசேஜில் இருந்த ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக எழுதினேன். பக்கத்திலேயே "யார், என்ன செய்தார், எங்கே பதிவாகியிருக்கிறது" என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன்.

முதலிலேயே மாட்டியது "3000 பாக்கெட்". அனுப்பிய பதிவேட்டைப் பார்த்தால் 200 அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 12, ஆக 2,400. லேப் புத்தகத்தில் நிரப்பியது 2,520 என்று இருந்தது. 3000 எங்கிருந்து வந்தது என்று ஸ்டோரில் கேட்டேன். அது வாங்கி வைத்த காலிப் பாக்கெட்டின் எண்ணிக்கை. மேலாளர் மனதில் அந்த எண் பதிந்திருக்கிறது, சந்தோஷத்தில் அதையே போட்டுவிட்டார்.

நன்றிக் கடிதத்தில் எண்ணிக்கை முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றலாம். அந்தப் பெட்டிகளை ஒட்டியவருக்கு 200 என்பது மனப்பாடம். கடிதத்தில் வேறு எண்ணைப் பார்த்த நொடியே, எழுதியவர் தன் வேலையைப் பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் எந்த நன்றியும் அவர் காதில் ஏறாது.

2,520க்கும் 2,400க்கும் நடுவில் இருந்த 120 பாக்கெட் எங்கே போனது என்று தேடியபோதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான வரியே எனக்குக் கிடைத்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

பேச்சுல "இருந்தாங்க", "புடிச்சுட்டாங்க"ன்னு வர்றதை எழுத்துல "இருந்தார்கள்"னு மாத்தினாப் போதுமா?

நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். நம் பேச்சில் "இருந்தாங்க" என்றால் ஒருவரை மரியாதையாகச் சொன்னதாகவும் இருக்கலாம், பலரைச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆணுக்கு "இருந்தாரு" என்று ஒரு வழி இருக்கிறது. பெண்ணை மரியாதையாகச் சொல்ல நாம் பெரும்பாலும் "இருந்தாங்க" என்றுதான் சொல்வோம். எழுத்தில் "இருந்தார்", "இருந்தார்கள்" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். குரூப்பில் ஒளிந்திருந்த ஆள் கணக்கு கடிதத்தில் வெளியே வந்துவிடும்.

"லேப்ல ஒரு மணி வரைக்கும் இருந்தாங்க" என்பதைப் படித்ததும், நம் லேப் பொறுப்பாளர் அக்காவைத்தான் சொல்கிறார் என்று நினைத்து "இருந்தார்" என்றே எழுதிவிட்டேன். வாட்ச்மேனின் வெளிவாசல் புத்தகத்தைப் பார்த்தால் இரவு 1.15க்கு இரண்டு பேர் வெளியே போயிருக்கிறார்கள். இரண்டாவது ஆள், பயிற்சிக்கு வந்து இரண்டு மாதமே ஆன பெண். மேலாளரிடம் கேட்டதற்கு, "ஆமாம்மா, ரெண்டு பேருமேதான்" என்றார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் ஒருமையாக எழுதியிருந்தால் அந்தப் பெண் அந்த இரவிலிருந்தே காணாமல் போயிருப்பாள்.

அதனால் "ங்க" என்று முடிகிற ஒவ்வொரு வினைக்கும் அடியில் கோடு போட்டு, எத்தனை பேர் என்று எழுதியவரிடமே கேளுங்கள். "புடிச்சுட்டாங்க"வில் எனக்கு இன்னும் பெரிய வேலை காத்திருந்தது.

லீக் ஆனதை எழுதலாமா? நன்றிக் கடிதத்துல குறை வேண்டாம்னு சொல்றாங்களே?

எழுத வேண்டும். கசிவை எடுத்துவிட்டால் அதைக் கண்டுபிடித்தவருக்கு என்னவென்று சொல்லி நன்றி சொல்வது? ஆனால் என்ன நடந்தது என்று சரியாகத் தெரிந்துகொள்ளாமல் எழுதக் கூடாது. மெசேஜில் "சீல் டேபிள்ல சொதப்பினாலும்" என்று இருக்கிறது. நான் விசாரித்தபோது கதை வேறாக இருந்தது.

மாங்கூழைக் கொதிக்கக் கொதிக்க, 85 டிகிரிக்குக் குறையாமல் பாக்கெட்டில் நிரப்பி உடனே வாயை ஒட்டுவோம். ஒட்டும் இடத்தில் கூழ் ஒரு துளி பட்டிருந்தாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு ஒட்டாது, நடுவில் கூழ் நின்றுகொள்ளும். பார்க்க ஒட்டியதுபோலவே இருக்கும், பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால்தான் கசியும். முதல் இரண்டு சோதனையிலும் அதுதான் நடந்தது. ஒட்டும் சூடு போதவில்லை என்று மேலாளர் நினைத்தார். சூட்டை இரண்டு முறை கூட்டினார்கள், பலனில்லை.

நிரம்பிய பாக்கெட்டை வெளியே துடைத்துப் பெட்டிக்குத் தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். கசிந்த பாக்கெட்டையெல்லாம் அவர்தான் கையில் எடுத்துத் துடைத்தவர். எல்லாமே ஒரே பக்கத்து மூலையில்தான் கசிகிறது என்று அவர்தான் கவனித்துச் சொன்னார். சூடு போதாமல் இருந்தால் கசிவு எங்கே வேண்டுமானாலும் வரும். ஒரே மூலை என்றால் கூழ் அங்கேதான் விழுகிறது. பார்த்தால், நிரப்பும் நாசில் மூடிய பிறகும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வாஷர் தேய்ந்திருந்தது. ஃபிட்டர் அன்று மாலையே அதை மாற்றினார். அதற்குப் பிறகும் சீல் மேசையில் இருந்த நான்கு பேரும் ஒவ்வொரு பாக்கெட்டின் வாயையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் ஒட்டினார்கள்.

அப்படிப் பார்த்தால் சீல் மேசையில் யாரும் சொதப்பவில்லை. மெசேஜை அப்படியே நல்ல தமிழில் மாற்றி, "தொடக்கத்தில் சீல் பிரிவில் சில குறைகள் இருந்தபோதிலும்" என்று எழுதியிருந்தால், செய்யாத தப்பை நான்கு பெண்கள் தலையில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்போம். வார்த்தை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அது பழிதான்.

நான் எழுதிய முறை இதுதான்: கோளாறைப் பொருளின் மேல் வைத்துச் சொல்வது, கண்டுபிடித்ததை ஆளின் பெயரோடு சொல்வது. "பாக்கெட் கசிந்தது, வாஷர் தேய்ந்திருந்தது" என்ற இடங்களில் ஆள் வேண்டாம். "பார்த்துச் சொன்னவர்" என்ற இடத்தில் பெயர் வேண்டும். தன் கணிப்பு தவறியதை மேலாளர் தானே சொல்லிக்கொள்ள விரும்பினால் "நான்" என்று எழுதலாம். அதை அவரிடம் கேட்கத் தயங்கினேன். கேட்டதும், "எழுதும்மா, நான்தானே சூட்டைக் கூட்டச் சொன்னேன்" என்றார்.

"சாப்பிடாம இருந்தாங்க", "தூங்காம உழைச்சாங்க"ன்னு எழுதினா அவங்களுக்குப் பெருமைதானே?

பட்டினி கிடந்ததற்கு நன்றி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த சீசனில் ஏழு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அது ஒரு குத்தலாகவும் ஆகிவிடும். ஏன் அவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கேளுங்கள். நன்றி சொல்ல வேண்டியது அந்தப் பதிலில் இருக்கும்.

பாக்கெட் வேலை இரண்டு நாள், மாலை ஐந்தரைக்குத் தொடங்கியது. பகலில் டிரம் ஓடும். அரைமணிக்கு 120 பாக்கெட் வரும். ஒவ்வொரு அரைமணியிலும் பத்து பாக்கெட்டை லேபுக்கு எடுத்துப் போய்ப் பழுப்புக் காகிதத்தின் மேல் வைத்து, மேலே எடை வைத்து இரண்டு மணி நேரம் விடுவார்கள். காகிதம் நனைந்தால் அந்த அரைமணிச் சரக்கு முழுவதும் நிறுத்தப்படும். இரண்டாம் நாள் கடைசி அரைமணி முடிந்தது இரவு 11 மணிக்கு. அதன் பாக்கெட்டுகள் எடைக்கு அடியில் இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்றால் ஒரு மணி ஆகிவிடும். அதற்காகத்தான் இருவரும் காத்திருந்தார்கள். அந்தக் கடைசிப் பத்தில் ஒன்றின் அடியில் காகிதம் நனைந்திருந்ததைப் பார்த்தவள் அந்தப் பயிற்சிப் பெண். இருவரும் அந்த 120 பாக்கெட்டையும் தனியாக எடுத்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

2,520 எப்படி 2,400 ஆனது என்பது இப்போது தெரிந்தது. பதினோரு மணிக்கே கிளம்பியிருந்தால் அந்த 120ம் மறுநாள் லாரியில் ஏறியிருக்கும். "சாப்பிடக்கூட இல்லை" என்பதைவிட இது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

பாய்லர் அண்ணன் விஷயமும் இப்படித்தான். "செம மாஸ்" என்றால் என்ன செய்தார் என்று கேட்டேன். முதல் நாள் மழை பெய்து விறகு நனைந்துவிட்டது. மதியமே அவர் கொட்டகைக்குள் இருந்த காய்ந்த கட்டைகளைத் தனியாகப் பிரித்து மாலைக்கென்று வைத்துக்கொண்டார். நீராவி குறையவில்லை, அதனால் கூழின் சூடும் 85க்குக் கீழே இறங்கவில்லை. "அவர் இல்லையென்றால் ஒன்றுமே நடந்திருக்காது" என்ற வரியை எடுத்துவிட்டு இதை வைத்தேன். அந்த வரியால் மற்ற 45 பேரும் சுருங்கிப் போகிறார்கள். அவர் செய்ததும் அதில் இல்லை.

"நாங்க சாதிச்சுட்டோம்"னு இருக்கே, அதை என்ன செய்யறது?

"நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே. "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே. சந்தோஷத்தில் பேசும்போது "நாங்க" என்று வந்துவிடும், உலகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல. அதையே ஆட்களுக்கு எழுதும் கடிதத்தில் வைத்தால், நிர்வாகம் சாதித்தது, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம் வந்துவிடும்.

பாக்கெட்டை வெளியிட்டது, லாரியில் ஏற்றியது எல்லாம் "நாம்", "நம் பாக்கெட்". நன்றி சொல்லும் இடத்தில் மட்டும் "நான்", ஏனென்றால் தனக்குத்தானே யாரும் நன்றி சொல்லிக்கொள்ள முடியாது. "நிர்வாகத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்ற வாக்கியத்தில் சொல்பவரே இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் "நன்றி சொல்கிறேன்" என்று எழுதட்டும். "வாஷர் மாற்றப்பட்டது" என்பதும் அப்படித்தான், மாற்றியவரைக் காணோம்.

பேரை எந்த வரிசையில் போடுறது? ஒருத்தர் விட்டுப்போனா என்ன பண்றது?

பதவி வரிசை வேண்டாம், அகர வரிசையும் வேண்டாம். பழம் வாசலில் நுழைந்தது முதல் லாரியில் ஏறியது வரை போகிற வழியிலேயே பெயர்களைப் போட்டேன். எடைமேடை, பழுக்க வைக்கும் அறை, கழுவும் தொட்டி, பிரிக்கும் மேசை, கூழ் எடுக்கும் இயந்திரம், கொதிகலன், நிரப்பும் இடம், சீல் மேசை, லேப், பெட்டி, ஏற்றுமிடம். இப்படி நடந்து போனால் யார் பெரியவர் என்ற கேள்வியே எழாது. நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தால் அங்கே ஒருவரை மறந்துவிட்டோம் என்றும் தெரிந்துவிடும்.

வருகைப் பதிவேடு மட்டும் போதாது. ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவருடைய கூலிப் பட்டியலையும் வாசல் புத்தகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெயரைப் பதிவேட்டில் இருக்கிறபடி எடுக்காமல் அவரவரிடம் ஒருமுறை காட்டி, "இப்படித்தானே எழுதுவீங்க?" என்று கேளுங்கள். எங்கள் ஆலையில் ஒரே பெயரில் மூன்று பேர். முதலெழுத்தும் இருவருக்கு ஒன்று. ஊர்ப் பெயரைச் சேர்த்தோம்.

பேச்சில் பாய்லர் அண்ணன், லேப் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். கடிதத்தில் பெயரும் வேலையும் போதும். ஒருவருக்கு "திரு", இன்னொருவருக்கு "அண்ணன்", மூன்றாமவருக்கு வெறும் பெயர் என்று மட்டும் வரவே கூடாது. பயிற்சிப் பெண்ணை நான் இங்கே "பார்த்தவள்" என்று எழுதியிருக்கிறேன், அவள் எனக்குத் தங்கை மாதிரி. கடிதத்தில் அவரும் "பார்த்தவர்"தான்.

ரேட்டு, "இந்தியாவுலயே டாப்பு", பிரியாணி?

விலை பேசியதை எடுத்துவிட்டேன். நோட்டீஸ் போர்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பழம் கொண்டுவரும் வியாபாரிகளும் மற்ற கடைக்காரர்களும் அதன் முன்தான் நிற்பார்கள். ஒரு கடைக்காரர் என்ன விலைக்கு ஒத்துக்கொண்டார் என்பது அவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது. "டாப்பு" போனது, முதல் லாரிதானே கிளம்பியிருக்கிறது. பிரியாணிக்குத் தேதி கேட்டேன். ஞாயிறு மதியம் என்று உறுதியானதும் எழுதினேன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்டு அதையும் சேர்த்தேன். தேதி சொல்ல முடியாத விருந்தை எழுத வேண்டாம்.

"நன்றி"யா, "நன்றிகள்"ளா? "மனமார்ந்த"ன்னு போடணுமா?

"நன்றி" போதும். அது எண்ணிச் சொல்கிற பொருளில்லை. "மனமார்ந்த", "நெஞ்சார்ந்த" எல்லாம் கல்யாணப் பத்திரிகையிலும் சுவரொட்டியிலும் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிவிட்டவை. செய்த வேலையைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வெறும் "நன்றி" என்று வைத்துப் பாருங்கள், அதுவே நிற்கும்.

முடிஞ்ச கடிதத்தைக் காட்டுங்க.

பெயர் வந்த இடங்களில் இங்கே வேலையை மட்டும் வைத்திருக்கிறேன்.

"நம் ஆலையில் வேலை செய்யும் அனைவருக்கும்,

வியாழன் இரவு 11.40க்கு நம் ஒரு கிலோ மாங்கூழ் பாக்கெட் முதல் லாரியில் ஏறிப் போனது. 200 பெட்டி, 2,400 பாக்கெட். இவ்வளவு நாள் டிரம்மிலும் டின்னிலும் அனுப்பிய நாம், கடையில் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கிற பொருளை முதன்முறையாக அனுப்பியிருக்கிறோம்.

முதல் இரண்டு சோதனையிலும் பாக்கெட் கசிந்தது. ஒட்டும் சூடு போதவில்லை என்று நான் நினைத்தேன், அது சரியில்லை. கசிவெல்லாம் ஒரே மூலையில் வருகிறது என்று பார்த்துச் சொன்னவர் துடைக்கும் மேசையில் இருப்பவர். நாசிலில் வாஷர் தேய்ந்திருந்ததைக் கண்டு அன்று மாலையே மாற்றியவர் நம் ஃபிட்டர். சீல் மேசையில் இருந்த நால்வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் வாயையும் துடைத்துவிட்டே ஒட்டினார்கள். இவர்கள் ஆறு பேருக்கும் நன்றி.

மழையில் விறகு நனைந்த அன்று, காய்ந்த கட்டையை மதியமே பிரித்துவைத்து, இரவு வரை சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டார் கொதிகலன் பொறுப்பாளர். அவருக்கு நன்றி.

கடைசிப் பத்து பாக்கெட்டின் சோதனை முடியும்வரை இரவு ஒரு மணிக்கும் லேபில் இருந்தார்கள் இருவர். அதில் ஒன்று கசிந்ததைப் பார்த்தவர் பயிற்சிக்கு வந்திருப்பவர். அந்த அரைமணியின் 120 பாக்கெட்டும் லாரியில் ஏறவில்லை. இருவருக்கும் நன்றி. அன்று இரவு அவர்களுக்குச் சாப்பாடு வைக்க மறந்துவிட்டோம். இனி இரவு ஒன்பதுக்கு மேல் இருப்பவர்களுக்கு ஆலையிலேயே சாப்பாடு இருக்கும்.

எடைமேடையிலிருந்து லாரி வரை இந்தப் பாக்கெட்டில் கை வைத்த எல்லோருடைய பெயரும் கீழே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்கிறேன். ஞாயிறு மதியம் குடும்பத்தோடு சாப்பிட வாருங்கள். பிரியாணியும் சைவச் சாப்பாடும் உண்டு."

கீழே 46 பெயர்கள், மேலாளரின் கையெழுத்து.

இவ்ளோ மாத்தினா இது மேலாளர் எழுதினதுன்னு யாரு நம்புவாங்க?

அந்தக் கவலை எனக்கும் இருந்தது. முதல் வரைவைப் படித்துவிட்டு, "கலெக்டர் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும்மா" என்றார். "வெற்றிகரமாகச் சந்தைப்படுத்தப்பட்டது" என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். இரண்டாவதில் "கடையில் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கிற" என்பது அவர் டீ குடிக்கும்போது சொன்னது, அப்படியே வைத்தேன். சாப்பாடு பற்றிய வரியும் அவர் சேர்த்ததுதான். மெசேஜில் பாராட்டாக வந்த அந்த வரியைக் கடிதத்தில் படித்துப் பார்த்ததும், "அது நம்ம தப்பு இல்லையா?" என்று அவரே கேட்டார்.

வரைவை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நாக்கு தடுக்கிறதோ அது அவர் வாக்கியமில்லை.

எங்க ஆலையில தெலுங்கு, கன்னடம் பேசறவங்க நிறைய. தமிழ் பேசினாலும் படிக்கத் தெரியாதவங்களும் இருக்காங்களே?

இந்த மாவட்டத்தில் எந்த ஆலையிலும் இதுதான் நிலைமை. அதனால் இது காதால் கேட்கப்போகிற கடிதம் என்று நினைத்தே எழுதினேன். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும். எண்ணிக்கை அதிகம் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில், இரண்டு ஷிப்டும் முற்றத்தில் நிற்கும்போது மேலாளர் படித்தார். பிரிக்கும் மேசையில் இருக்கும் அக்கா ஒருவர் பத்தி பத்தியாகத் தெலுங்கில் சொன்னார். அவரிடம் முந்தின நாளே தாளைக் கொடுத்திருந்தோம். அங்கேயே நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்வது சரியில்லை. 46 பெயரையும் ஒன்றுவிடாமல் படித்தார். நேரமாகிறது என்று பட்டியலைத் தாண்டிவிடாதீர்கள். நிற்கிறவர்கள் காத்திருப்பதே அதற்குத்தான்.

லாரி கிளம்பின மறுநாளே கொடுத்துடலாமா?

நாங்கள் நான்கு நாள் பொறுத்தோம். கடைகளுக்குப் போன பாக்கெட் உப்பாமல், கசியாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். எந்தக் கடையிலிருந்தும் புகார் வரவில்லை. அதிகம் தள்ளிப்போட்டால் சீசன் முடிந்து பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், பெங்களூரா வரத்து நின்றுவிட்டால் ஆலையில் ஆளே இருக்காது. கடிதத்தில் "வெற்றி" என்ற சொல்லை வைக்கவில்லை. கிளம்பியதை மட்டும் சொன்னோம், அது நடந்தது.

அவ்ளோ பார்த்தும் யாராவது விட்டுப்போனாங்களா?

ஒருவர் விட்டுப்போனார். லாரி கிளம்பிய இரவு மழையில் டார்ச் பிடித்துக்கொண்டு பெட்டிகளுக்குத் தார்ப்பாய் கட்ட உதவிய வாட்ச்மேன் தாத்தா. வாசல் புத்தகத்தை எழுதுகிறவரே அவர்தான். உள்ளே வந்தவர் பெயரையும் வெளியே போனவர் பெயரையும் எழுதுவாரே தவிர, தன் பெயரை அதில் எழுத மாட்டார். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டே ஆள் தேடிய எனக்கு இது தோன்றவில்லை. படித்து முடித்த பிறகு பெட்டி ஒட்டும் பெண் வந்து, "தாத்தா பேரு வரலையே அக்கா" என்றாள்.

பேனாவால் ஓரத்தில் சேர்க்க மனம் வரவில்லை. அன்று மாலையே 47 பெயரோடு புதிதாக அச்சடித்து, போர்டில் இருந்ததைக் கழற்றிவிட்டு இதை ஒட்டினோம். வீட்டுக்கு எடுத்துப் போனவர்களிடமும் பழைய தாளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தோம். மேலாளர் வாசலுக்குப் போய்த் தாத்தாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, அவர் பெயர் இருந்த வரியைப் படித்துக் காட்டினார். ஏற்றுமிடத்துக்குப் பிறகு கடைசி வரியாக "வாசல்" என்று ஒன்று சேர்த்திருந்தேன்.